உச்சத்துக்கு மேலே விலை போகும்போது ஸ்டாப் எங்கே?

(சிறு முதலீட்டாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பங்கோ குறியீட்டெண்ணோ தன் வரலாற்றில் இதுவரை பார்க்காத விலைக்கு ஏறுகிறது. மேலே ரெசிஸ்டன்ஸ் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பிரேக்அவுட் வந்துவிட்டது என்று வாங்குகிறோம். ஸ்டாப் லாஸை எங்கே வைப்பது?

பொதுவாகச் சொன்னால் இது கையில் நிற்காது. அதனால் நிஃப்டி 2013 டிசம்பரிலும் 2014 மார்ச்சிலும் செய்ததை எடுத்து, அதையே கடைசி வரை பின்தொடரப் போகிறேன். மூன்றே மாத இடைவெளியில் ஒரே இடத்தில் இரண்டு பிரேக்அவுட். முதலாவது பொய்த்தது, இரண்டாவது நிலைத்தது. ஸ்டாப் பற்றி நான் சொல்ல நினைப்பது எல்லாம் அந்த இரண்டுக்குள்ளேயே இருக்கிறது.

கதை 2008 ஜனவரி 8-இல் தொடங்குகிறது. அன்று நிஃப்டி 6,357-ஐத் தொட்டது. அந்த மாதமே சரிவு தொடங்கி, அக்டோபர் கடைசியில் 2,252 வரை போனது. பிறகு மெல்ல ஏறி 2010 நவம்பர் 5, தீபாவளி முகூர்த்த வர்த்தகத்தன்று 6,338 வரை வந்தது. பழைய உச்சத்துக்கு இருபது புள்ளிகூடக் குறைவில்லை. அங்கிருந்து மறுபடி இறங்கி, அடுத்த ஆண்டு முடிவதற்குள் 4,600-க்கும் கீழே சென்றது. 2013 தீபாவளியில் மறுபடி 6,340-ஐ ஒட்டி வந்தது, மறுபடி தயங்கியது. ஐந்து ஆண்டு பத்து மாதத்தில் மூன்று முறை அதே கதவைத் தட்டி, மூன்று முறையும் திறக்கவில்லை.

ஏன் அதே இடத்தில் தயங்குகிறது? 2008 ஜனவரியில் வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். அது பங்குச் சந்தையைப் பற்றித் தெரியாதவர்களும் டீமேட் கணக்குத் தொடங்கிய காலம். உச்சத்தில் வாங்கி, போட்ட பணம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவதைப் பார்த்தவர்கள், “நான் வாங்கின விலை வந்தால் போதும், வித்துட்டு இந்தப் பக்கமே வரமாட்டேன்” என்று காத்திருந்தார்கள். நஷ்டத்தில் இருப்பதை விற்க மனம் வராது, அசலுக்கு வந்ததும் விற்கக் கை பரபரக்கும். இதை ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெயர் ஸ்டாட்மன் என்ற இரண்டு நிதித்துறை ஆய்வாளர்கள் 1985-இலேயே எழுதியிருக்கிறார்கள். விலை பழைய உச்சத்துக்கு வரும்போது இவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்பனைக்கு வருகிறார்கள். சார்ட்டில் ரெசிஸ்டன்ஸ் என்று நாம் போடும் கிடைக்கோட்டுக்குப் பின்னால் இருப்பவர்கள் இவர்கள்தான்.

அந்த விலையைத் தாண்டிவிட்டால் இவர்கள் தீர்ந்துபோகிறார்கள். இதுவரை வாங்கிய ஒவ்வொருவரும் இப்போது லாபத்தில் இருக்கிறார்கள். அசல் வரட்டும் என்று காத்திருப்பவர் ஒருவர்கூட மேலே இல்லை. “ஆல் டைம் ஹைக்கு மேலே தடை இல்லை” என்பதன் முழுப் பொருள் இவ்வளவுதான். இதற்கு மேல் அதில் எதையும் ஏற்றிப் படிக்கக் கூடாது. விற்பவர்களே இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. லாபத்தை எடுப்பவர் விற்பார், நிறுவனர் தன் பங்கில் கொஞ்சத்தை விற்பார், “இவ்வளவு ஏறியது போதும்” என்று ஷார்ட் அடிப்பவர் விற்பார். இவர்கள் எந்த விலையில் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் கவனிப்பதில்லை. குறியீட்டெண் உச்சத்தைத் தாண்டினால் அதற்குள் இருக்கும் எல்லாப் பங்கும் தாண்டியதாக ஆகாது. 2014 மார்ச்சில் நிஃப்டி புதிய உச்சத்தில் இருந்தபோது, 2008-இல் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்ற டிஎல்எஃப் இருநூறு ரூபாய்க்கும் கீழே கிடந்தது. ரிலையன்ஸ் தன் 2008 உச்சத்தைத் தாண்ட 2017 வரை ஆனது. உச்சத்தில் இருந்தவை ஐ.டி., மருந்து, நுகர்பொருள் பங்குகள். இன்னொன்று, வெளிநாட்டு முதலீட்டாளர் டாலரில் கணக்குப் பார்க்கிறார். 2008 ஜனவரியில் ஒரு டாலர் 39 ரூபாய் சொச்சம், 2014 மார்ச்சில் 61 ரூபாய். 6,357-ஐ 39-ஆல் வகுத்தால் 163 டாலர். 6,526-ஐ 61-ஆல் வகுத்தால் 107. நமக்குப் புதிய உச்சமாகத் தெரிந்தது, 2008-இல் வாங்கிய வெளிநாட்டு நிதிக்கு மூன்றில் ஒரு பங்கு நஷ்டம். ஆகவே குறியீட்டெண்ணில் தடை இல்லை என்ற வாதம் தனிப் பங்கில் இருப்பதைவிடக் கொஞ்சம் பலவீனமானது. தனிப் பங்கிலும், போனஸ், ஸ்பிளிட் இரண்டுக்கும் சரிசெய்த சார்ட்டைப் பார்க்கிறோமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சரிசெய்யாத சார்ட்டில், உச்சத்தில் இருக்கும் பங்கு பாதி விலைக்கு விழுந்து கிடப்பதுபோலத் தெரியும்.

சரி, ஸ்டாப்புக்கு வருகிறேன்.

மேலே பழைய விலை எதுவும் இல்லை என்றால், மேலே நமக்குத் தகவலும் இல்லை. சாதாரணமாக ஒரு பங்கை வாங்கும்போது “அடுத்த ரெசிஸ்டன்ஸ் அங்கே, அதுவரை இவ்வளவு லாபம், சப்போர்ட் இங்கே, அதுவரை இவ்வளவு நஷ்டம்” என்று இரண்டு பக்கமும் அளக்கிறோம். புதிய உச்சத்தில் மேல் பக்க அளவு கிடையாது. டார்கெட் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது வேறு ஏதோ கணக்கில் வந்தது. கீழே மட்டும்தான் உண்மையான விலைகள் இருக்கின்றன, யார் எங்கே வாங்கினார்கள் எங்கே விற்றார்கள் என்ற தடயங்கள் இருக்கின்றன. எனவே இந்த வியாபாரத்தில் நாம் எடுக்கும் முடிவுகளில் பெரும்பகுதி ஸ்டாப்பைப் பற்றியது. எவ்வளவு வாங்குவது, எப்போது வெளியேறுவது, எதுவரை வைத்திருப்பது ஆகிய மூன்றும் அதிலிருந்துதான் வருகின்றன.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நான்கு மாநிலங்களின் தேர்தல் முடிவு வந்தது. வெள்ளிக்கிழமை 6,260-இல் முடிந்திருந்த நிஃப்டி, திங்கள் காலை கேப் அப்பாக மேலே தாவித் திறந்து 6,415-ஐத் தொட்டது. ஆறு ஆண்டு உச்சம் உடைந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் கொண்டாட்டம். ஆனால் அன்று மாலை முடிந்த விலை 6,364. பழைய உச்சமான 6,357-க்கு மேலே வெறும் ஏழு புள்ளி. அடுத்த நாள் 6,333, அதற்கடுத்த நாள் 6,308, பிறகு 6,237. அந்த வெள்ளிக்கிழமை 6,168. பிப்ரவரி 4-ஆம் தேதிக்குள் 5,933 வரை இறங்கிவிட்டது.

இந்தப் பிரேக்அவுட்டை அன்று மாலையே சந்தேகப்பட்டிருக்க முடியுமா? முடியும் என்றே சொல்வேன். முதலாவது, ஏற்றம் முழுவதும் கேப்பிலேயே வந்துவிட்டது. சந்தை திறந்த பிறகு யாரும் மேலே தள்ளவில்லை, அன்று முழுவதும் விலை நழுவிக்கொண்டேதான் இருந்தது. முடிவு விலை அன்றைய வீச்சின் உச்சிக்கு அருகில் இல்லை. இரண்டாவது, பழைய உச்சத்தை அது தாண்டிய அளவு. நிஃப்டி அப்போது ஒரு சாதாரண நாளில் 60, 70 புள்ளி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு புள்ளி என்பது அந்த ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துவிடும் அளவு. தாண்டியது என்று சொல்ல, முடிவு விலை குறைந்தது ஒரு சாதாரண நாளின் வீச்சு அளவுக்காவது பழைய உச்சத்துக்கு மேலே நிற்க வேண்டும் என்று நான் பார்க்கிறேன். இது என் அளவுகோல்தான். சிலர் இரண்டு நாள் தொடர்ந்து மேலே முடிய வேண்டும் என்பார்கள், அதுவும் நியாயம்தான்.

ஆனாலும் ஒருவர் அன்று மாலை 6,364-இல் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஸ்டாப் எங்கே இருக்க வேண்டும்? அவர் வாங்கியதற்குக் காரணம் அந்த கேப். கேப் நிரம்பினால், அதாவது வெள்ளிக்கிழமை முடிவான 6,260-க்குக் கீழே விலை வந்தால், தேர்தல் முடிவு கொடுத்த ஏற்றம் முழுவதும் அழிந்துவிட்டது என்று பொருள். வாங்கிய காரணம் அங்கே இல்லாமல் போகிறது. கொஞ்சம் இடம் விட்டு 6,250. நான்காம் நாள் ஸ்டாப் தட்டியிருக்கும். சுமார் 115 புள்ளி நஷ்டம்.

ஸ்டாப் இல்லாதவரையும் பாருங்கள். அவருக்கு பிப்ரவரியில் 430 புள்ளி நஷ்டம். அதைவிட முக்கியமானது அடுத்து வருவது. அவர் இப்போது, 2008-இல் வாங்கியவரின் நிலைக்கு வந்துவிட்டார். “வாங்கின விலை வந்தால் போதும்” என்று உட்கார்ந்திருக்கிறார். மார்ச் 6-ஆம் தேதி நிஃப்டி 6,401-இல் முடிந்தது. அவர் அசல் வந்துவிட்டது, பெருமூச்சு விட்டு விற்கிறார். அவர் யாரிடம் விற்றாரோ அவருக்குத்தான் அதற்குப் பிறகு வந்த ஏற்றம். ஸ்டாப் வைக்காதவருக்கு நஷ்டம் மட்டும் வருவதில்லை, உண்மையான பிரேக்அவுட் வரும் நேரத்தில் விற்கும் பக்கத்தில் நிற்க வேண்டியும் வருகிறது. 115 புள்ளி கொடுத்து வெளியே போனவர் மார்ச்சில் புதிதாக வந்து வாங்கும் மனநிலையில் இருக்கிறார்.

மார்ச் 7, வெள்ளிக்கிழமை. நிஃப்டி 125 புள்ளி ஏறி 6,526-இல் முடிந்தது. அன்றைய உச்சத்திலிருந்து பத்துப் பதினைந்து புள்ளிக்குள்தான் முடிவு விலை. டிசம்பர் உச்சமான 6,415-க்கு மேலே 110 புள்ளி. ஒரு நாள் வீச்சைவிட அதிகம். பின்னால் நின்று பார்க்கும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவு. ஆனால் அன்று மாலை வாங்குபவருக்கு டிசம்பர் நினைவு இன்னும் ஆறவில்லை. இதுவும் அப்படிப் போய்விட்டால் என்ன செய்வது? அந்த பயத்துக்குப் பதிலாகத்தான் ஸ்டாப் இருக்கிறது.

எங்கே வைக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மிகப் பலர் செய்வது, வாங்கிய விலைக்குக் கீழே ஒரு வசதியான எண். 50 புள்ளி. ஒரு லாட்டுக்கு நஷ்டம் குறைவு, மனசுக்கு இதம். 6,476. இதில் உள்ள கோளாறு, அந்த எண் சந்தையிலிருந்து வரவில்லை, நம் பயத்திலிருந்து வருகிறது. ஒரு சாதாரண நாளின் வீச்சைவிடச் சிறியது. மார்ச் மாதம் நடுவில் நிஃப்டி இரண்டு வாரம் 6,480-க்கும் 6,530-க்கும் நடுவே முடிந்துகொண்டிருந்தது, நாளின் நடுவே அதற்குக் கீழும் போய் வந்தது. 50 புள்ளிக்காரர் ஒரு வாரத்துக்குள் வெளியே. பிரேக்அவுட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் மட்டும் இல்லை.

அடுத்தது, உடைபட்ட உச்சத்துக்குச் சற்றுக் கீழே. டிசம்பர் உச்சம் 6,415, எனவே ஸ்டாப் 6,400. பழைய ரெசிஸ்டன்ஸ் இனி சப்போர்ட் என்ற பாடத்தைப் படித்தவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முன்பு விற்றுவிட்டு வருந்துபவர்கள், மறுபடி அந்த விலை வந்தால் வாங்கத் தயாராக இருப்பார்கள். ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் ஸ்டாப் வைத்தால், விலை அங்கே வந்து அத்தனை ஸ்டாப்களையும் தட்டிவிட்டுத் திரும்புவது சகஜம். பிரேக்அவுட்டுக்குப் பிறகு பழைய உச்சத்தைத் திரும்ப வந்து பார்த்துவிட்டுப் போவது விலையின் வழக்கமான நடத்தை. அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஸ்டாப்பை வைக்கக் கூடாது. 2014 மார்ச்சில் 6,400-ஐ விலை தொடவில்லை, அந்த ஸ்டாப் பிழைத்தது. அதை வைத்து அது சரியான இடம் என்று சொல்லமாட்டேன்.

மூன்றாவதாக, அடித்தளத்தின் அடி. பிப்ரவரியில் தொட்ட 5,933. அதற்குக் கீழே போனால் எந்தச் சந்தேகமும் இல்லாமல் பிரேக்அவுட் செத்துவிட்டது. ஆனால் அங்கே போய்ச் சேரும்போது சுமார் 600 புள்ளி நஷ்டம். அதற்கு வெகு முன்பே நமக்குத் தெரிந்துவிடும்.

நான் வைக்கும் இடத்துக்கு வருகிறேன். பழைய உச்சம் என்று பேசும்போது நாம் ஒரு கோட்டை நினைக்கிறோம். உண்மையில் இங்கே ஒரு கோடு இல்லை, ஒரு பட்டை இருக்கிறது. 2008-இல் 6,357, 2010-இல் 6,338, 2013 தீபாவளியில் 6,340 அருகே, டிசம்பரில் 6,415. ஆறு ஆண்டுகளாக விற்றவர்கள் 6,338-க்கும் 6,415-க்கும் நடுவில்தான் விற்றிருக்கிறார்கள். மார்ச் 7 அன்று நாம் வாங்கியதன் பொருள், அந்தப் பட்டையில் இருந்த விற்பனை முழுவதும் வாங்கப்பட்டுவிட்டது என்பது. விலை திரும்ப வந்து பட்டைக்குள் நுழையலாம், அதன் கீழ் விளிம்பு வரைகூட வரலாம், அதுவரை நம் காரணம் உயிரோடு இருக்கிறது. முழுப் பட்டைக்கும் கீழே போய் முடிந்தால், அத்தனை விற்பனையும் இன்னும் தீரவில்லை, மேலே வாங்கிய நாமெல்லோரும் புதிதாகச் சிக்கிக்கொண்டோம் என்று அர்த்தம். ஆகவே ஸ்டாப் பட்டையின் கீழ் விளிம்புக்கும் கீழே, 6,320.

இதை இன்னொரு அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வெல்ஸ் வைல்டர் 1978-இல் ஏ.டி.ஆர். என்ற அளவை வெளியிட்டார். கேப்பையும் சேர்த்து, ஒரு நாளில் விலை சராசரியாக எவ்வளவு நகர்கிறது என்பதுதான் அது. நம் உதாரணத்தில் 70 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 1983-இல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்கார்ட்டும் ‘ஆமைகள்’ என்று பெயரிட்டுப் பயிற்றுவித்த வியாபாரிகள், பிரேக்அவுட்டில் வாங்கி, இந்த அளவைப்போல் இரண்டு மடங்கு தள்ளி ஸ்டாப் வைத்தார்கள். இங்கே அது 140 புள்ளி, 6,386. பட்டையின் நடுவில் விழுகிறது, எனக்கு ஒப்பவில்லை. மூன்று மடங்கு 210 புள்ளி, 6,316. பட்டையை வைத்து நாம் தேர்ந்தெடுத்த 6,320 ஏறத்தாழ அதே இடம். சார்ட்டும் ஏ.டி.ஆரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நிம்மதி. சார்ட் சொல்லும் இடம் ஏ.டி.ஆரில் ஒரு மடங்குக்குள் இருந்தால், அந்த ஸ்டாப் சாதாரண நாளிலேயே தட்டிவிடும். ஐந்து, ஆறு மடங்குக்கு அப்பால் இருந்தால், விலை ஏற்கெனவே ஓடிவிட்டது, நாம் தாமதமாக வந்திருக்கிறோம். அப்படி இருக்கும்போது வாங்காமல் விட்டுவிடுவதே மேல்.

இப்போது எவ்வளவு வாங்குவது என்பதைப் பார்ப்போம். 6,526-இல் வாங்கி 6,320-இல் ஸ்டாப். இடைவெளி 206 புள்ளி. பத்து லட்ச ரூபாய் வைத்திருப்பவர் ஒரு வியாபாரத்தில் ஒரு சதவீதம், பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார். அன்று நிஃப்டி ஃபியூச்சர் லாட் 50. ஒரு லாட்டில் ஸ்டாப் தட்டினால் 10,300 ரூபாய். அவரால் ஒரு லாட்கூட வாங்க முடியாது. முந்நூறு ரூபாய்தானே அதிகம் என்று வாங்கிவிடலாம், அல்லது ஸ்டாப்பை ஆறு புள்ளி மேலே நகர்த்தி 6,326 என்று வைத்துக் கணக்கைச் சரிசெய்யலாம். இரண்டாவது வழிதான் ஆபத்தானது, ஏனென்றால் அது பழகிப்போகும். அடுத்த முறை முப்பது புள்ளி நகரும். ஸ்டாப் சந்தையின் இடத்தில் இருக்க வேண்டும், அளவுதான் அதற்கு ஏற்பச் சுருங்க வேண்டும். அவருக்குச் சரியான வழி நிஃப்டி பீஸ் போன்ற ஈ.டி.எஃப். அன்று ஒரு யூனிட் குறியீட்டெண்ணில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 653 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு நஷ்டம் 20 ரூபாய் 60 காசு. பத்தாயிரத்தை அதனால் வகுத்தால் 485 யூனிட். முதலீடு மூன்று லட்சத்துப் பதினேழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மீதி ஏழு லட்சம் சும்மா இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம்.

வாங்கியாயிற்று. மேலே டார்கெட் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். அப்படியானால் எப்போது விற்பது? ஸ்டாப்பையே விலையோடு கூட்டிக்கொண்டு மேலே போவதுதான் வழி. நான் பின்பற்றுவது, இதுவரை வந்த அதிகபட்ச முடிவு விலையிலிருந்து மூன்று ஏ.டி.ஆர். கழித்து, அன்றைய முடிவு விலை அதற்குக் கீழே போனால் மட்டும் விற்பது. ஸ்டாப் மேலேதான் நகரும், கீழே நகராது. நம் உதாரணத்தில் ஏப்ரல் கடைசியில் அதிகபட்ச முடிவு 6,840. அதிலிருந்து 210 கழித்தால் 6,630. தேர்தல் முடிவுக்கு முன் எல்லோரும் பயந்திருந்த மே முதல் வாரத்தில் நிஃப்டி இறங்கி 6,650-ஐ ஒட்டி முடிந்தது. இருபது புள்ளி மிச்சம். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரே நாளில் 6,858-க்குத் திரும்பியது. மே 16 அன்று தேர்தல் முடிவு வரும்போது 7,563-ஐத் தொட்டது. 100 புள்ளி டிரெயிலிங் ஸ்டாப் வைத்தவர் அந்த வாரத்துக்கு முன்பே வெளியே போயிருப்பார். இருபது புள்ளியில் தப்பியது திறமை என்று சொல்லமாட்டேன், இன்னும் இருபத்தைந்து புள்ளி இறங்கியிருந்தால் நானும் வெளியேதான். ஆனால் வெளியே போனாலும் 6,526-இல் வாங்கியதற்கு லாபத்தோடுதான் போயிருப்பேன்.

இதில் ஒரு கவனம் தேவை. ஏ.டி.ஆர். நிலையானது அல்ல. தேர்தல் முடிவு வந்த வாரத்தில் தினசரி வீச்சு இரண்டு மடங்குக்கும் மேலானது. பழைய 70 புள்ளியையே பிடித்துக்கொண்டிருந்தால், இடைவெளி பொருந்தாது. வாரம் ஒருமுறை புதிதாகக் கணக்கிடுங்கள். கணக்கு பெரிதானாலும் ஏற்கெனவே மேலே ஏற்றிய ஸ்டாப்பைக் கீழே இறக்க வேண்டாம், அடுத்த ஏற்றத்திலிருந்து புதிய இடைவெளியைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, ஸ்டாப் எங்கே உதவாது என்பதைச் சொல்ல வேண்டும்.

2024 ஜூன் 3-ஆம் தேதி. சனிக்கிழமை வந்த தேர்தல் கருத்துக்கணிப்புகளை வைத்து நிஃப்டி கேப் அப்பாகத் திறந்து, 733 புள்ளி ஏறி 23,263-இல் முடிந்தது. மே மாத உச்சமான 23,110-ஐத் தாண்டிவிட்டது. நான் சொன்ன அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் ஓரளவு பொருந்தும் பிரேக்அவுட்தான். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி 21,281 வரை விழுந்து 21,884-இல் முடிந்தது. ஒரே நாளில் 1,379 புள்ளி. முதல் நாள் மாலை வாங்கியவர் ஸ்டாப்பை எந்தப் பட்டைக்குக் கீழே வைத்திருந்தாலும் அன்று தட்டியிருக்கும்.

அந்த மாதிரி நாளில் ஆர்டரின் வகை முக்கியம். SL என்ற ஆர்டரில் டிரிக்கர் விலையோடு ஒரு லிமிட் விலையும் கொடுக்கிறோம். டிரிக்கர் தட்டிய நொடியில் விலை லிமிட்டைத் தாண்டிக் கீழே போய்விட்டால், ஆர்டர் நிறைவேறாமல் அப்படியே தொங்கும், நாம் பங்கோடு கீழே போவோம். SL-M ஆர்டரில் எந்த விலை கிடைத்தாலும் விற்கும், ஆனால் அந்த விலை நாம் நினைத்ததாக இருக்காது. தவிர, சாதாரண ஸ்டாப் ஆர்டர் அன்றைய ஒரு நாளுக்கு மட்டுமே செல்லும். மாலையில் காலாவதியாகிவிடும், மறுநாள் காலை மறுபடி போட வேண்டும், அல்லது புரோக்கர் தரும் நீண்டகால டிரிக்கர் வசதியைப் பயன்படுத்த வேண்டும். இரவில் நடப்பதற்கு எந்த ஸ்டாப்பும் காவல் இல்லை. 6,320-இல் ஸ்டாப் இருக்க, மறுநாள் 6,200-இல் திறந்தால் நம் விற்பனை 6,200-இல்தான். எனவே அளவைக் கணக்கிடும்போதே, ஸ்டாப் சொன்ன நஷ்டம் இரண்டு மடங்கானால் தாங்குவேனா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தேதி குறிக்கப்பட்ட பெரிய நிகழ்வு, அதாவது தேர்தல் முடிவு, பட்ஜெட், தனிப் பங்கென்றால் காலாண்டு முடிவு, மறுநாள் காத்திருக்கும்போது பாதி அளவு மட்டும் வாங்குவேன், அல்லது முடிவு வந்த பிறகு வாங்குவேன். ஏ.டி.ஆர். நேற்று வரை நடந்த சாதாரண நாட்களின் சராசரி. நாளை என்ன என்பது அதற்குத் தெரியாது.

ஜூன் 4 அன்று ஸ்டாப் தட்டி வெளியே வந்தவருக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது. மூன்று நாளில், ஜூன் 7-ஆம் தேதி, நிஃப்டி 23,290-இல் முடிந்து, முடிவு விலையில் புதிய உச்சம் கண்டது. ஸ்டாப் என்னை ஏமாற்றிவிட்டது, இனி ஸ்டாப்பே வைக்கமாட்டேன் என்று அங்கேதான் பலர் முடிவெடுக்கிறார்கள். நிகோலாஸ் டார்வாஸ் என்ற நடனக் கலைஞர், 1950-களில் உலகம் சுற்றிக்கொண்டே தந்தி மூலம் நியூயார்க்கில் பங்கு வாங்கி விற்றவர். லாரிலார்ட் என்ற சிகரெட் நிறுவனப் பங்கில் அவர் ஸ்டாப் தட்டி வெளியேறினார். விலை உடனே திரும்பி ஏறியது. அவர் முன்பு வாங்கியதைவிட அதிக விலை கொடுத்து மறுபடி வாங்கினார். மறுபடி வாங்குவதற்கும், முதல் முறை வாங்கியதற்கு வைத்த அதே நிபந்தனைதான் இருக்க வேண்டும். ஸ்டாப் தட்டிவிட்டது என்பதற்காக டார்வாஸ் அந்தப் பங்கைக் கைவிடவில்லை.

ஜூன் 7 மாலைக்கும் இதே கணக்குத்தான். பட்டை இப்போது மே மாத உச்சமான 23,110-இலிருந்து ஜூன் 3 அன்று தொட்ட 23,338 வரை. முடிவு விலை 23,290, பட்டைக்குள்ளேயே இருக்கிறது. முடிவு விலையில் உச்சம், ஆனால் இன்னும் தாண்டவில்லை. அந்த வார வீச்சில் ஏ.டி.ஆரும் ஊதிப்போயிருந்தது. ஆகவே அன்று வாங்க வேண்டியதில்லை. பட்டையைத் தாண்டித் தெளிவாக முடியும் நாளில் வாங்கலாம், ஸ்டாப் 23,110-க்குக் கீழே, ஏ.டி.ஆர். பெரிதாக இருப்பதால் அளவு மட்டும் வழக்கத்தைவிடக் குறைவாக.